30 நொடிக்குள் எடுக்கணும்: முக்கூடலில் அம்மாவின் போன்

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை அம்மா போனை எடுக்கவில்லை. நான் பாளையங்கோட்டையில் போன் பழுது பார்க்கிறேன். அம்மா முக்கூடலில் தனியாக இருக்கிறாள். பம்பாயில் இருக்கும் அண்ணன் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னான். நானும் இரண்டு தடவை அடித்தேன். முழுசாக மணி போய் ஓய்ந்தது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு மைனியை அனுப்பினேன்.

அம்மா திண்ணையில்தான் இருந்தாள். மடியில் பீடித்தட்டு. போன் இரண்டு முழத் தூரத்தில், மடித்து வைத்த சேலையின் மேல் கிடந்தது. மைனி போனைக் கையில் கொடுத்ததும் அம்மா என்னிடம் சொன்னது: "ஏய்யா, அது அடிக்கவே இல்லியே. அடிச்சா எடுக்க மாட்டனா?"

கடைக்கு வருகிறவர்கள் தினமும் சொல்லும் வார்த்தை இது. அவர்களுக்கு நான் சத்தத்தை முழுசாக ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் போய் அம்மாவின் போனைக் கையில் எடுத்தபோது, சத்தம் ஏற்கெனவே முழு அளவில்தான் இருந்தது. போன வருஷம் நானே ஏற்றி வைத்தது. அப்படியென்றால் நான் இத்தனை பேருக்குச் செய்து அனுப்பியது போதவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்று முழுநாளும் உட்கார்ந்து பார்த்ததையும், அடுத்த ஒரு மாதம் கவனித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கணக்கு

முதலில் செய்த வேலை, அமைப்புகளுக்குள் போகாமல் அழைப்புப் பட்டியலைத் திறந்தது. என் போன், அண்ணன் போன், தூத்துக்குடியில் இருக்கும் தங்கச்சி போன் மூன்றிலும் கடந்த 14 நாளில் அம்மாவுக்கு அடித்த அழைப்புகளை எண்ணினோம். மொத்தம் 23. அவற்றை அம்மா போனில் இருக்கும் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். அம்மா எடுத்துப் பேசியது 9. தவறிய அழைப்பு என்று இருந்தது 8. நிராகரித்தது என்று இருந்தது 4. மீதி 2 அம்மா போனில் பதிவாகவே இல்லை.

இந்தப் பிரிப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தவறிய அழைப்பு என்றால் மணி அடித்திருக்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை அல்லது வந்து சேர முடியவில்லை. நிராகரித்தது என்றால் கேட்டிருக்கிறது, கையில் எடுத்தும் இருக்கிறாள், விரல்தான் தப்பான பக்கம் போயிருக்கிறது. பட்டியலிலேயே இல்லை என்றால் அந்த நேரத்தில் போனுக்கு இணைப்பே இல்லை. மூன்றும் வேறு வேறு நோய். மூன்றுக்கும் "அம்மா எடுக்கல" என்று ஒரே பேரைத்தான் நாங்கள் வைத்திருந்தோம்.

பெரும்பாலான போன்கள் தவறியதையும் நிராகரித்ததையும் வேறு வேறு அடையாளத்தோடு காட்டும். அடிக்கிற பக்கத்திலிருந்தும் கண்டுபிடிக்கலாம். மணி கடைசிவரை போய் ஓய்ந்தால் தவறியது. இரண்டு மூன்று மணியிலேயே பட்டென்று வெட்டினால் அந்தப் பக்கம் சிவப்பை இழுத்திருக்கிறார்கள். மணியே போகாமல் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றோ அணைக்கப்பட்டுள்ளது என்றோ குரல் வந்தால் இணைப்பு இல்லை. அப்பா அம்மாவுக்குப் போன் அமைத்துக் கொடுக்கிறவர்கள் ஒரு வாரமாவது இதைக் குறித்து வைத்துக்கொண்டு தொடங்கினால், எதைத் திருத்தவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் நாட்டில் கைப்பேசிக்கு வரும் அழைப்பு, யாரும் எடுக்காவிட்டால் 30 நொடி அடிக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் வரையறுத்தது. வீட்டுத் தொலைபேசிக்கு 60 நொடி. பழைய வீட்டுப் போனில் பழகிய கால்களுக்கு இப்போது பாதி நேரம்தான். அந்த 30 நொடிக்குள் கேட்கவேண்டும், எழுந்து வரவேண்டும், யாரென்று பார்க்கவேண்டும், எடுக்கவேண்டும்.

கடிகாரத்தை வைத்து அம்மாவை நடக்கச் சொன்னேன். புறவாசல் துவைகல்லிலிருந்து திண்ணைக்கு வர 24 நொடி. மூட்டுவலி. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாலும், மடியில் இருக்கும் தட்டைச் சிந்தாமல் இறக்கி வைத்து, முந்தானையில் கையைத் துடைக்க 8 நொடி. ஆக, முதல் மணியிலேயே அவள் காதில் விழுந்தால்தான் உண்டு. பத்து நொடி கழித்துக் கேட்டால், கேட்டும் பயனில்லை.

சத்தம் முழுசாக இருந்தும் ஏன் கேட்கவில்லை

இதற்கு மூன்று காரணம் கிடைத்தது. முதல் காரணத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

போனின் அடிவிளிம்பில் ஒலிபெருக்கிக்கு ஐந்தாறு பொடித் துளைகள் இருக்கும். அம்மா போனில் அந்தத் துளைகள் பழுப்பு நிறமாக அடைத்துக் கிடந்தன. பீடித்தூள். நாற்பது வருஷமாகத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னைப் போல ஆயிரம் சுற்ற முடியாவிட்டாலும் நாளுக்கு நானூறாவது சுற்றுகிறாள். தட்டுக்குப் பக்கத்திலேயே போன் கிடந்தால் தூள் போகாமல் என்ன செய்யும்? சார்ஜ் போடும் துளையிலும், காதில் வைத்துக் கேட்கும் மேல்வலையிலும் அதே தூள். பேசும்போது "சத்தமாப் பேசுல, கேக்கல" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

காய்ந்த, மெல்லிய புருசால் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தேன். ஊசியோ குண்டூசியோ உள்ளே விடக்கூடாது. உள்ளே இருக்கும் சல்லடை கிழிந்தால் அப்புறம் ஒலிபெருக்கியையே மாற்றவேண்டி வரும். தண்ணீரோ எண்ணெயோ தொட்டால் தூள் களியாகி இன்னும் இறுகிவிடும். துடைத்த பிறகு சத்தம் கூடியதை அம்மாவே சொன்னாள். பீடி சுற்றும் வீடு, மாவு மில், செங்கல் சூளை, தறி இருக்கும் வீடு எதுவாக இருந்தாலும் அமைப்புகளைத் தொடும் முன்னால் இந்தத் துளைகளைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம் சேலை. துளை கீழ்விளிம்பில் இருப்பதால், மெத்தென்ற துணிமேல் வைத்தால் சத்தத்தைத் துணி குடித்துவிடும். அதிர்வும் அமுங்கிப் போகும்.

மூன்றாவது காரணம் மணியின் சுருதி. வயதாகும்போது காது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. உச்ச ஸ்தாயிதான் முதலில் போகும். சலங்கை, குருவிச் சத்தம், பிரஷர் குக்கரின் மெல்லிய சீறல் முதலில் மங்கும். ஆண்குரலும் மாடு கத்துவதும் அப்படியே இருக்கும். போனோடு வரும் மணிகளில் பாதி, கண்ணாடிக் குமிழி உடைவது போலக் கிணுகிணுக்கும் உச்ச ஸ்தாயிதான். நம் காதுக்குக் கூர்மையாகத் தெரியும், அம்மாவுக்குக் காற்றோடு போய்விடும். அதற்காக உடுக்கை, மேளம் போல அடித்தொனியில் வைத்தாலும் ஆகாது. போனின் சிறிய ஒலிபெருக்கிக்கு அடித்தொனியை எழுப்பும் சக்தி கிடையாது. நடுச் சுருதிதான் வேண்டும்.

எது என்று ஊகிக்காமல் சோதித்தோம். அம்மா திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார, நான் போனோடு பின்னால் உள்கட்டில் நின்றேன். மணி கேட்டதும் கையைத் தூக்கவேண்டும். கேட்கக் கேட்க ஓரோர் எட்டாகப் பின்னால் போனேன். ஏற்கெனவே இருந்த மணிக்கு 5 எட்டோடு கை நின்றுவிட்டது. அண்ணன் குரலில் "எம்மா, போன எடு" என்று பதிந்து வைத்ததற்கு 11 எட்டு. நாயனம் வாசித்த ஒரு துண்டு 16 எட்டு, அடுக்களையைத் தாண்டிப் புறவாசல் வரை கேட்டது. பழைய வீட்டுத் தொலைபேசியின் ட்ரிங் ட்ரிங் 13 எட்டு.

நாயனத்தைத்தான் வைத்தேன். மத்தியானமே எடுத்துவிட்டேன். எதிர்வீட்டு டிவியில் நாயனம் வாசித்தபோது அம்மா தட்டை இறக்கிவிட்டுப் போனைத் தூக்கினாள். அதற்குப் பிறகு உண்மையாகவே போன் அடித்தபோது, டிவி என்று பேசாமல் இருந்தாள். அண்ணன் குரலிலும் இதே சிக்கல்தான், தெருப் பேச்சோடு கலந்துவிடுகிறது. தூரம் கொஞ்சம் குறைந்தாலும் பழைய ட்ரிங் ட்ரிங்கை வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு அவள் மனசில் போன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. முக்கூடலில் எஸ்.டி.டி. பூத் இருந்த காலத்தில், அப்பாவின் அழைப்புக்காக அதன் வாசலில் காத்து நின்றவள் அவள்.

மணியைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். சில மணிகள் மெல்ல எழுந்து பத்தாவது நொடியில்தான் முழுச் சத்தத்துக்கு வரும். சில போன்களில் சத்தம் படிப்படியாக ஏறும்படி ஓர் அமைப்பும் உண்டு. நமக்கு அது இதம். 30 நொடியில் 24 நொடி நடக்கவேண்டியவளுக்கு அது பெரிய இழப்பு. அந்த அமைப்பை அணைத்தேன்.

சேலைக்குப் பதில் வாயகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் தட்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தச் சொன்னேன். கிண்ணம் சத்தத்தைத் திரட்டி மேலே அனுப்பும். அதிர்வு இருந்தால் கிண்ணமும் சேர்ந்து கடகடக்கும், அது தனியாகவே கேட்கிறது. கழுத்தில் மாட்டும் பை வாங்கிக் கொடுத்தேன், மடித்து வைத்துவிட்டாள். குனிந்து சுற்றும்போது தட்டில் இடிக்குமாம். சரிதான். புறவாசலுக்குப் போகும்போது மட்டும் கிண்ணத்தோடு எடுத்துப்போய்த் துவைகல் பக்கத்துத் திட்டில் வைத்துக்கொள்கிறாள்.

கேட்டபின் விரல் செய்யும் தப்பு

நிராகரித்த 4 அழைப்புக்குக் காரணம் தெரிய, நானே உள்ளறையிலிருந்து அடித்து அவள் கையைப் பார்த்தேன். பச்சை வட்டத்தைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. தொடக்கூடாது, இழுக்கவேண்டும். மறுபடி அழுத்தித் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பதற்றத்தில் முந்தானையால் திரையைத் துடைத்தாள். அந்தத் துடைப்பு சிவப்பு வட்டத்தை இழுத்துக்கொண்டு போனது.

இலையும் நூலும் தேய்த்துத் தேய்த்து அவள் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ரேகையே மழுங்கிப் போயிருக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் நாலைந்து தடவை வைப்பாள். அந்த விரல் காய்ந்தும் இருக்கிறது. காய்ந்த தோலைத் தொடுதிரை எளிதில் உணராது, இழுக்கும்போது நடுவிலேயே தொடர்பு விட்டுவிடும். பீடி சுற்றும் பெண்களுக்குக் கைரேகைப் பூட்டு வைத்துக் கொடுக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். நான் பூட்டே வைக்கவில்லை. பணம் அனுப்பும் செயலிகள் அந்தப் போனில் எதுவும் இல்லை, இருந்த ஒன்றையும் நீக்கிவிட்டேன்.

எடுப்பதற்குத் திரையையே நம்பாமல், சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினால் அழைப்பு எடுபடும்படி அமைத்தேன். போன் செயலியின் அமைப்புகளில் Answering and ending calls என்ற இடத்தில் சில போன்களில் இது இருக்கிறது. இல்லாத போன்களில், இழுப்பதற்குப் பதில் ஒரு தட்டில் எடுக்கும் வசதி அணுகல் பகுதியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது இரண்டாந்தரம்தான். சிவப்பையும் ஒரே தட்டில் வெட்டிவிட வழியாகிவிடுகிறது.

பொத்தானிலும் ஓர் இடர் இருக்கிறது. மேல்பாதி அழைப்பை எடுக்கும், கீழ்பாதி மணியை அடக்கிவிடும். இரண்டும் ஒரே நீளக் கட்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. மேல்பாதியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன், இரண்டு நாளில் உதிர்ந்தது. அடுத்த தடவை போனபோது நகப்பாலிஷில் ஒரு சொட்டு வைத்து, காய்ந்தபின் மேலும் இரண்டு சொட்டு வைத்து மேடாக்கினேன். இப்போது பார்க்காமலே விரலுக்குத் தட்டுப்படுகிறது. அன்று சாயங்காலம் முழுக்க நான் அடிக்க, அவள் எடுக்க, இருபது தடவை பழகினோம். "எத்தன நேரம்ல அடிப்ப?" என்று கேட்டாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பட்டியலில் இல்லாத இரண்டு அழைப்பும் அதே முந்தானைத் துடைப்பில்தான் போயின. திரையை மேலிருந்து கீழே துடைத்தால் மேல்பலகை இறங்கும். அதில் முதல் வரிசையிலேயே விமானப் பயன்முறை, ஒலி, Do not disturb எல்லாம் வரிசையாக நிற்கும். இன்னொரு துடைப்பில் எது அழுந்தும் என்று சொல்ல முடியாது. அந்த மூன்றையும் மேல்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, முதல் வரிசையில் கைவிளக்கையும் கெடுதல் இல்லாத வேறு சிலவற்றையும் வைத்தேன். தப்பித்தவறி Do not disturb ஓடினாலும், தொடர்புப் பட்டியலில் இருக்கிறவர்கள் அழைத்தால் அடிக்கும்படியும், 15 நிமிஷத்துக்குள் ஒரே ஆள் மறுபடி அழைத்தால் அடிக்கும்படியும் விலக்கு வைத்தேன். போனைக் கவிழ்த்தால் மணி அடங்கும் வசதி தனியாக ஓர் இடத்தில் ஒளிந்திருக்கும், அதையும் அணைத்தேன்.

எழுத்து: பெரியது போதும், மிகப் பெரியது வேண்டாம்

அம்மா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் நன்றாக வாசிப்பாள். இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறது, வாசிக்கக் கண்ணாடி உண்டு. ஆனால் மணி அடிக்கும்போது கண்ணாடி மாடக்குழியில் இருக்கும். அதனால் கண்ணாடி இல்லாமல், திண்ணை வெளிச்சத்தில் வைத்துத்தான் எழுத்தைச் சோதித்தோம்.

பெரிதாக்க இரண்டு வழி இருக்கிறது. Font size எழுத்தை மட்டும் பெரிதாக்கும். Screen zoom அல்லது Display size எனப்படுவது எழுத்து, படம், பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் கடைசிவரை இழுத்துவிடுவார்கள். போன வருஷம் நானும் அதைத்தான் செய்திருந்தேன். அதில் என்ன கெட்டது என்று அன்றுதான் பார்த்தேன். ஏதாவது கேள்வி கேட்டு ஒரு பெட்டி திறந்தால், அதன் கீழே இருக்கும் சரி, வேண்டாம் என்ற பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விட்டன. நகர்த்திப் பார்க்கவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியாது. போன் "நின்னு போச்சி" என்று பலநாள் அவள் சொன்னது இதைத்தான்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் எழுத்து அகலம், சொல்லும் நீளம். போனின் மொழியைத் தமிழாக்கி எழுத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றினால், படத்துக்குக் கீழே இருக்கும் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாக முடியும். "தொடர்புகள்", "தொலைபேசி" இரண்டும் "தொ…" என்று நின்றால் பெரிதாக்கி என்ன பயன்? கடைசி அளவிலிருந்து இரண்டு படி இறக்கி, தடித்த எழுத்தை இயக்கினேன். ண, ழ, ளை போன்ற சுழி எழுத்துகளில் கோடு மெலிந்தால்தான் அவளுக்குக் குழம்புகிறது. கோடு தடித்ததும், சிறிய அளவிலேயே வாசித்துவிட்டாள். Screen zoom ஒரே ஒரு படி மட்டும் ஏற்றினேன்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்று பலரும் வைத்துக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் எழுத்தைச் சுற்றி ஒளி பரவுகிறது என்றாள். வெள்ளையில் கறுப்புதான் அவளுக்குச் சரியாக இருந்தது. இது ஆளுக்கு ஆள் மாறும், இரண்டையும் காட்டிக் கேட்டுவிட வேண்டியதுதான்.

திரை அணையும் நேரத்தை 30 நொடியிலிருந்து 2 நிமிஷமாக்கினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோவது அவளை அதிகம் கலங்க வைத்தது.

முகங்கள் மட்டும் இருக்கும் முகப்பு

முகப்புத் திரைக்குப் பல போன்களில் ஆயத்தமாக ஒரு வழி இருக்கிறது. சாம்சங்கில் Easy mode, ஷாவ்மியில் Lite mode, ஓப்போவில் Simple mode. இதை இயக்கினால் படங்கள் பெரிதாகும், திரை எளிதாகும். இயக்குவதாக இருந்தால் அதை முதலில் செய்துவிட்டு மற்றதைப் பிறகு அடுக்கவேண்டும். ஏனென்றால் அது முகப்பை மாற்றி அடுக்குவதோடு, எழுத்து அளவையும் தன் விருப்பத்துக்கு மாற்றக்கூடும்.

அம்மா போனிலும் அதை இயக்கியிருக்கிறேன். முகப்பில் இப்போது ஒரே பக்கம்தான். மேலே மணியும் தேதியும். நடுவில் ஆறு முகம்: நான், அண்ணன், தங்கச்சி, மைனி, பீடிக்கடைக்காரர், மருந்துக்கடை. கீழே போன், வாட்ஸ்அப், கைவிளக்கு. அவ்வளவுதான். முகத்தைத் தொட்டால் நேரே அழைப்பு போகும் விட்ஜெட் அது, நடுவில் வேறு எந்தத் திரையும் வராது. படங்களை அன்று திண்ணையிலேயே எடுத்தேன். அண்ணன் பழைய கல்யாண போட்டோ அனுப்பினான், அதில் முகம் கடுகளவு. முகம் மட்டும் நிறைந்த, பின்னால் வெற்றுச் சுவர் இருக்கும் படம்தான் கண்ணாடி இல்லாத கண்ணுக்குப் புரியும். பெயர்களையும் சுருக்கினேன்: மூத்தவன், சின்னவன், பாப்பா. வெட்டுப்படவில்லை.

நேர் அழைப்பு முகங்களுக்கு ஒரு விலை உண்டு. துடைக்கும்போதும் அழைப்பு போகும். முதல் வாரம் அண்ணனுக்கு ராத்திரி 11 மணிக்கு ஒன்று போய், அவன் பதறி எனக்கு அடித்தான். பூட்டு இல்லாததால் வந்தது. பேசி முடித்ததும் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தித் திரையை அணைத்துவிட்டுக் கிண்ணத்தில் வைக்கப் பழக்கினேன். அப்புறம் அப்படிப் போனது இரண்டே தடவை. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நாங்கள் மூவரும் முடிவு செய்தோம்.

முகப்பைப் பூட்டி வைக்க மறக்கவேண்டாம். முகப்பு அமைப்புகளில் அடுக்கைப் பூட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும். அது இல்லாவிட்டால், விரல் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியதும் முகம் கையோடு வந்து, எங்கோ போய் விழுந்துவிடும். முதியவர்கள் விரலை ஊன்றித்தான் தொடுவார்கள். ஊன்றுவதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்ளும் கால அளவையும் 1.5 நொடியாக நீட்டினேன். கீழே மூன்று பொத்தான் வரிசையை மறுபடி கொண்டுவந்தேன். ஓரத்திலிருந்து இழுத்துத் திரும்பும் முறை இந்த விரலுக்கு ஆகாது.

வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் சில நாள் அடிக்காமல் இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த, அதிகம் திறக்காத செயலியைப் போன் தூங்க வைத்துவிடும். செயலியின் பேட்டரிப் பகுதியில் Unrestricted என்று வைத்ததும் சரியானது. வாட்ஸ்அப்பின் மணி அதன் உள்ளேயே தனியாக இருக்கிறது. அங்கும் அதே ட்ரிங் ட்ரிங்கை வைத்தேன்.

தெரியாத எண்களை மொத்தமாக அடைத்துவிடலாம் என்று தங்கச்சி சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். சிலிண்டர்க்காரர், பஞ்சாயத்து ஆபீஸ், பீடிக்கடையில் புதிதாக வந்த பையன் எல்லாரும் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைக்கிறார்கள். அதற்குப் பதில், யார் நம்பர் கேட்டாலும் "எம் மகன்கிட்ட கேளுங்க" என்று சொல்லி வெட்டச் சொல்லியிருக்கிறேன். பணம் போய்விட்டால் 1930, முதியோர் உதவிக்கு 14567, ஆம்புலன்ஸுக்கு 108. மூன்றையும் தொடர்புப் பட்டியலில் சேர்த்து, திண்ணைச் சுவரில் கரியாலும் எழுதி வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து

புரட்டாசியில் மறுபடி எண்ணினோம். 30 நாளில் 41 அழைப்பு. எடுத்தது 36, தவறியது 4, நிராகரித்தது 1, பட்டியலில் இல்லாதது எதுவுமில்லை. தவறிய நான்கில் மூன்று, கிண்ணத்தைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுத் துவைகல்லில் இருந்தபோது. ஒன்று, மிக்சி ஓடிய நேரம். நடுவில் அண்ணன் மகன் லீவுக்கு வந்து எளிய முகப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தான், ஆறு முகமும் காணாமல் போயின. அம்மாவே மைனி போனிலிருந்து அழைத்து, "ஏய்யா, எல்லாரும் போயிட்டிய" என்றாள். மறுநாள் போய் அடுக்கினேன். அடுக்கை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனில் வைத்திருக்கிறேன், அடுத்த தடவை மைனி மகளே அதைப் பார்த்து அடுக்கிவிடுவாள்.

துவைகல் தூரத்துக்குப் போனுக்குள் மருந்து இல்லை. அதனால் மூவரும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதல் அழைப்பு ஓய்ந்தால் ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி அடிப்பது. முதல் மணி கேட்டு அவள் நடக்கத் தொடங்கியிருந்தால், இரண்டாவது மணிக்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பாள். மாதம் ஒரு தடவை போகும்போது புருசையும் நகப்பாலிஷையும் எடுத்துப்போகிறேன். இந்த மாதம் துளையில் தூள் கொஞ்சம்தான் இருந்தது.